இடப்பக்கம் விழுந்த நிழல்

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். எழுத வந்த மூவரில் நான் ஒருவன். எனக்கு முன்வரிசையில் கிண்ணியாக் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். அவருக்கு வலது கைப்பக்கம், டவுனில் படித்துப் பாஸ் எடுத்த ஒரு பெடியன். பரீட்சை நடத்தக் கொழும்புக் கந்தோரிலிருந்து வந்த சேர் நாலாவது ஆள். தண்ணீர் கொடுக்கவும் மணி அடிக்கவும் நின்ற பியோன் ஐந்தாவது. வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் டீச்சர் குடையோடு நின்றாள். அவளையும் சேர்த்தால் ஆறு. ஆனால் நடந்ததை அவள் பார்க்கவில்லை. ஆகவே ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், பிறகு பலர் தாங்களும் அங்கே இருந்ததாகக் கதை சொன்னதுதான். யாரும் இருக்கவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினெட்டு வயதிலிருந்து துறைமுகத்தில் அன்றாடக் கூலி. விடியற்காலையில் கேற்றடியில் போய் நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிட்டால் அன்றைக்குச் சம்பளம் உண்டு. கூப்பிடாவிட்டால் வந்த வழியே உப்புவெளி வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டும். காற்றுப் போன ரயருக்குக் காசு இல்லாத நாட்களில் உருட்டத்தான் ஏலும். மூன்று வருடமாகக் கப்பல் குறைந்துகொண்டே வந்தது. நிரந்தரக்காரருக்குக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் மாதச் சம்பளம். எங்களுக்குக் கப்பல் வராத கிழமை அடுப்பும் எரியாது.

அந்த வருடம் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். மூட்டை எண்ணிக் குறிக்கும் கிளாக்கர் வேலைக்கு இரண்டு பேர் தேவை. நிரந்தரம். துறைமுகத்தில் வேலை செய்கிற கூலிகளும் விண்ணப்பிக்கலாம். வயது முப்பத்தைந்துக்குள். எனக்கு ஐப்பசியில் முப்பத்தைந்து முடிகிறது. பரீட்சை புரட்டாசியில். இதைப் படித்த இடத்திலேயே எனக்குப் பயம் பிடித்தது. இடம் கிடைக்குமோ என்ற பயம் பிறகு வந்தது. முதலில் வந்தது, என் பிறப்புச் சான்றிதழில் தேதியைத் தவறாகப் பதிந்திருப்பார்களோ என்ற பயம். வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை மூன்று தரம் பார்த்தேன். மனைவி, "தேதி ஓடிப் போகாது, வந்து சாப்பிடுங்கோ" என்றாள்.

பரீட்சையில் தமிழ், கணக்கு, பொது விவேகம் என்று மூன்று தாள். முதல் இரண்டும் சமாளிக்கலாம். மூட்டைக் கணக்கிலேயே வாழ்ந்தவனுக்குப் பெருக்கல் வரும். பொது விவேகம் என்றால் என்னவென்று விஞ்சுக்காரரிடம் கேட்டேன். கப்பலில் மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்சு என்ற இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். நிரந்தரக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், ஊரில் எல்லாருக்கும் பட்டம் வைக்கிறவர்.

"அது உனக்கு இல்லாத சாமான்," என்றார். "ஆனா என்ர மச்சாள் ஒருத்தி படிச்சுப்போட்டு வீட்டில இருக்கிறாள். அவளிட்டைப் போ."

அவருடைய மனைவியின் தங்கைதான் டீச்சர். வயது இருபத்திரண்டு இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு எடுபடவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. மாதம் பத்து ரூபாய்க்குப் பின்னேரங்களில் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தாள். என்னோடு கிண்ணியாக் காக்காவும் சேர்ந்தார். காக்காவுக்கு என்னைவிட ஐந்து நாள்தான் கூட. அவரும் வயதின் விளிம்பில் நின்றார். அந்த ஐந்து நாளுக்காக நான் அவரைக் காக்கா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவது அவர் வேலை. நான் மேலே, கப்பலின் கிடங்கு வாய்க்குப் பக்கத்தில் நின்று விஞ்சுக்காரருக்குக் கை காட்டுகிறவன்.

இந்தக் கை காட்டும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஞ்சுக்காரருக்குக் கிடங்கின் உள்ளே தெரியாது. கப்பலின் பக்கத்தில் கட்டிய வத்தை என்ற சரக்குப் படகும் தெரியாது. அவருக்குத் தெரிவது நான் மட்டும். அவரைப் பார்த்தபடி நின்று, தூக்கு, இறக்கு, வலது, இடது, நிறுத்து என்று கையால் சொல்வேன். வலது என்றால் அவருடைய வலது. அது எனக்கு இடது. பதினாறு வருடம் அப்படி. ஒருநாள் மாறிக் காட்டியிருந்தால் கீழே நிற்கிற காக்காவின் தலையில் பத்து மூட்டை மா விழுந்திருக்கும். மாறியதில்லை. எவ்வளவோ பயந்தவன் நான், அந்த ஒரு விசயத்தில் மட்டும் கை தன்பாட்டில் சரியாகப் போகும்.

டீச்சர் முதல் நாள் ஒரு கொப்பியை விரித்துச் சொன்னாள்: "இப்ப கொஞ்சக் காலமா எல்லாச் சோதினையிலயும் நிழல் கேள்வி வருது. காலமை சூரியன் கிழக்கில, நிழல் மேற்கில விழும். பின்னேரம் சூரியன் மேற்கில, நிழல் கிழக்கில. இவ்வளவுதான் பாடம். சூரியன் உதிக்கேக்க ஒருவர் நிக்கிறார். அவற்ற நிழல் அவருக்கு வலப்பக்கம் விழுகுது. அவர் எந்தத் திசையைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்?"

நான் யோசித்து, "வடக்கு" என்றேன்.

காக்கா, "தெற்கு" என்றார்.

"காக்கா சரி," என்றாள் டீச்சர். "வலக்கை மேற்கில இருந்தா முகம் தெற்கில."

அடுத்ததைக் கேட்டாள். காலையில் நிழல் ஒருவருக்கு முன்னால் விழுகிறது. நான் கிழக்கு என்றேன். மேற்கு என்றாள். மாலையில் வலப்பக்கம் விழுகிறது. நான் தெற்கு என்றேன். வடக்கு என்றாள். அன்று பத்துக் கேள்வி. பத்தும் பிழை. அடுத்த நாளும் பத்தும் பிழை.

குசினி வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த விஞ்சுக்காரர், "கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ரெண்டு சரி வரும். இது படிச்சுப் பிழைவிடுறான்," என்றார்.

"அத்தான், நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் டீச்சர். அவள் என் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணை, உங்களுக்கு எல்லாம் நேர் எதிராத்தான் வருது. பக்கத்துத் திசை ஒண்டுகூட வரேல்லை. ஆர் இப்படி ஒழுங்காப் பிழைவிடுவினம்?"

ஒரு கிழமை அப்படியே போனது. நான் இரவில் நித்திரை கொள்ளவில்லை. எனக்கு மூளையில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். கேற்றடியில் நிற்கும்போது காலை வெயிலில் என் நிழலைப் பார்த்து இது மேற்கு, இது மேற்கு என்று முணுமுணுப்பேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள்.

கடைசியில் டீச்சர் சொன்னாள்: "பாஸ் பண்ணினாப் போதும் எண்டா ஒரு குறுக்கு வழி இருக்கு. உங்களுக்கு வாற விடையைத் திருப்பி எழுதுங்கோ. வடக்கு வந்தாத் தெற்கு. கிழக்கு வந்தா மேற்கு."

அப்படியே செய்தேன். பத்தும் சரி வந்தது. ஆனால் எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. ஏன் திருப்ப வேண்டியிருக்கிறது என்று தெரியாமல் திருப்புவது, பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கம் போகிற மாதிரி இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் காக்கா. ஒருநாள் வகுப்பு முடிந்து கடற்கரை வழியாக நடக்கும்போது கேட்டார்: "தம்பி, நிழல் விழுற அந்த மனிசன் ஒனக்கு எங்க நிக்கிறான்?"

"முன்னால."

"எந்தப் பக்கம் பாத்து?"

"என்னைப் பாத்துத்தான்."

அவர் நின்றுவிட்டார். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டார். "அவன் விஞ்சுக்காரன்டா தம்பி. நீ விஞ்சுக்காரன கொண்டு வந்து முன்னால நிப்பாட்டி வெச்சிருக்காய். அவன்ட வலப் பக்கம் ஒனக்கு எடப் பக்கம். எடப் பக்கம் மேற்கு இருந்தா நீ பாக்கிறது வடக்கு. அதத்தான் எழுதுறாய். அவன் எங்க பாக்கிறான் எண்டு கேட்டா, நீ எங்க பாக்கிறாய் எண்டு எழுதுறாய்."

உண்மைதான். நான் கண்டுபிடித்ததெல்லாம் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னுடைய திசையை.

"நீங்கள் எப்படிச் செய்யிறியள்?"

"நான் தொழுகைக்கு நிக்கிற மாதிரி நிப்பன். தொழேக்க பாக்கிற தெச, கிப்லா, எங்களுக்கு மேற்கு. கொஞ்சம் வடக்கால சரிவுதான், கணக்குக்கு மேற்கு எண்டு வெச்சுக்க. காலமையெண்டா சூரியன் முதுகில, நிழல் முன்னால. அந்திக்கெண்டா சூரியன் மூஞ்சில, நிழல் பொறத்தால. அதுக்குப் பொறகு, கேள்வியில கேட்ட பக்கத்துக்கு நிழல் வாற வரைக்கும் நான் திரும்புவன். திரும்பி நிண்டா நான் பாக்கிற தெசதான் விடை. அந்த மனிசன் நான்தான். வேற ஆள் இல்ல."

அந்தக் கரையில் வைத்தே என்னைத் திருப்பித் திருப்பி நிற்க வைத்தார். மாலை நேரம். என் நிழல் கடலின் பக்கமாக நீண்டு கிடந்தது. மேற்கே பார்த்து நின்றேன், நிழல் பின்னால். வலது பக்கம் திரும்பினேன், முகம் வடக்கே. நிழல் வலக்கைப் பக்கம் வந்தது. மாலையில் வலப்பக்கம் என்றால் வடக்கு. திருப்பி எழுத வேண்டிய அவசியமே இல்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து, "என்ன, கூத்துப் பழகிறியளோ?" என்று கேட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஒன்பது நாள்தான் வேலை கிடைத்தது. என்னுடைய வகுப்புக் காசு இருபது ரூபாயையும் காக்காவே டீச்சரிடம் கொடுத்தார். ஒருநாள் எட்டு ரூபாய் கையில் வந்தபோது கொண்டுபோய்க் காக்காவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "மிச்சத்த நெரந்தரமானதும் தா, போதும்," என்றார்.

பரீட்சைக்குக் காலையில் இரண்டு தாளும் முடிந்தன. நன்றாகவே எழுதினேன். பொது விவேகம் பின்னேரம் நாலு மணிக்கு. அதற்கு முன் காக்கா விறாந்தையில் துவாயை விரித்து அசர் தொழுதார். மண்டபம் துறைமுகக் கரையில் இருந்தது. எங்கள் கதிரைகள் கரும்பலகையைப் பார்த்தபடி. இடது கைப்பக்கத்து யன்னல்களால் வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. ஆளுக்கொரு விடைத்தாளும், செய்து பார்க்க ஒரு வெற்றுத்தாளும் பியோன் தந்தார். டவுன் பெடியன் உட்கார்ந்த கையோடு எழுதத் தொடங்கினான். இரண்டு இடத்தில் ஒன்று அவனுக்குத்தான் என்பது எங்களுக்குத் தெரியும். மிச்சம் ஒன்று. அது காக்காவுக்கு அல்லது எனக்கு. இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

இருபது கேள்வி. பன்னிரண்டாவதிலிருந்து பதினேழாவது வரைக்கும் நிழல். பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. டீச்சர் சொன்னபடி முதலில் வெற்றுத்தாளில் குறித்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு முடிந்தது. பதினைந்தாவதில் தொழுகைக்கு நிற்கிற மாதிரி மனதுக்குள் நின்று திரும்பும்போது, வலது எது இடது எது என்று சரி பார்க்க என் கை மேலே போய்விட்டது. தோள் உயரத்துக்கு வந்து, விரலை விரித்து, ஒரு பக்கம் வீசியது. பதினாறு வருடப் பழக்கம். நான் அறியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காக்கா கதிரையில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன நடக்குது அங்க?" என்றார் சேர்.

அவர் நடந்து வந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். காக்காவின் விடைத்தாளைக் கையில் எடுத்தார். "நீர் வெளியில போம்."

"சேர், நான் ஒண்டும் பாக்கல்ல."

"திரும்பிப் பாத்தனீர். இவர் கை காட்டினவர். எனக்குக் கண் இருக்கு."

காக்கா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். அவ்வளவுதான்.

நான், "சேர், அது பழக்கம்..." என்று தொடங்கினேன்.

"உமக்கும் தாள் வேண்டாமோ?"

வாயை மூடிக்கொண்டேன். காக்கா வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். பைப்படியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

மிச்சம் இருபது நிமிடம். பதினைந்து, பதினாறு, பதினேழு வெற்றுத்தாளில் வந்துவிட்டது. விடைத்தாளில் பார்த்து எழுத வேண்டும். அப்போது ஒரு எண்ணம் வந்தது: இவை எனக்கு வந்த விடைகள். எனக்கு வந்தால் திருப்ப வேண்டும் என்றல்லவோ டீச்சர் சொன்னாள்? இல்லை, அது முந்தி. காக்கா சொல்லித் தந்த பிறகு திருப்பத் தேவையில்லை. ஆனால் இப்போது நான் காக்காவின் வழியில் நின்றேனா, விஞ்சுக்காரரைப் பார்த்து நின்றேனா? கை விஞ்சுக்காரருக்குத்தானே காட்டியது. கை அப்படிப் போயிருந்தால் புத்தியும் அப்படித்தானே போயிருக்கும்? ஒருமுறை திருப்பியாகிவிட்டதா, இன்னும் இல்லையா? பியோன் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஆறையும் திருப்பி எழுதினேன்.

வெற்றுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வெளியே வந்தபோது டீச்சர், "காக்கா ஏன் முந்தி வந்தவர்? கேட்டா ஒண்டும் சொல்லுறாரில்லை," என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்கள் உள்ளுக்குப் போய்ச் சொல்லேல்லையோ அண்ணை?"

உண்மையைச் சொல்கிறேன். நான் திரும்பி உள்ளே போனது நல்ல மனதால் அல்ல. காக்கா பிறகு மேலிடத்துக்கு எழுதினால் என் தாளையும் ரத்துப் பண்ணுவார்கள் என்ற பயம் வந்தது. டீச்சரின் பார்வையும் சுட்டது. காக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் வர மறுத்தார். "விடு தம்பி, நீயாவது எடு," என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

சேர் மேசையில் தாள்களைக் கடித உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். காக்காவின் தாள் தனியாகக் கிடந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு துண்டுக் குறிப்பு. இரவு ரயிலுக்குப் போகிற அவசரம் அவருக்கு.

"சேர், நான் கப்பலில கை காட்டிற ஆள். அந்தக் கை தன்பாட்டில எழும்பினது. இவருக்குக் காட்டேல்லை."

"என்ன காட்டினீர்? இப்ப காட்டும்."

காட்டினேன். வலது. இடது. தூக்கு. இறக்கு. நிறுத்து. பியோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உண்மைதான் சேர், இவங்களுக்குக் கடையில தேத்தண்ணி கேக்கேக்கையும் கைதான் பேசும்," என்றார்.

"சரி. கை பழக்கம். தலை ஏன் திரும்பினது?" என்று காக்காவைக் கேட்டார்.

காக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார், கிப்லாவைப் பற்றி, திரும்புவதைப் பற்றி. சேர் முழுவதையும் கேட்டார். பிறகு அவருடைய தாளைப் பார்த்தார். "பதினாறு வரைக்கும் எழுதியிருக்கிறீர். அப்ப பதினேழாவது செய்துகொண்டிருந்தனீர். அது என்ன கேள்வி?"

"சூரியன் மறையேக்க ஒருத்தர்ட நிழல் அவருக்கு எடப் பக்கம்."

"போய் உம்மட கதிரையில இரும். அப்ப செய்த மாதிரிச் செய்து காட்டும்."

யன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்துத் தண்ணீரின் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு இடது கைப்பக்கம். காக்கா கதிரையில் உட்கார்ந்து முதலில் யன்னல் பக்கம் திரும்பினார். சூரியன் முகத்தில் விழுந்தது. "இது மேற்கு. நிழல் பொறத்தால கெடக்கு. எடப் பக்கம் வரோணும்." பிறகு இடது பக்கமாக இன்னும் திரும்பினார். கரும்பலகை முழுக்கப் பின்னால் போனது. இப்போது அவர் பார்த்தது வெற்றாகக் கிடந்த என் கதிரையை. அவருடைய இடது தோளிலிருந்து நிழல் சீமெந்துத் தரையில் கிழக்கே நீண்டு, எதிர்ச் சுவரைத் தொட்டது.

"தெற்கு," என்றார்.

சேர் எழுந்து வந்து, காக்காவையும் யன்னலையும் என் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். "விடையே பின்பக்கமா இருக்குது," என்று தனக்குத்தானே சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெற்கு. வெற்றுத்தாளில் நான் எழுதியது தெற்கு. விடைத்தாளில் வடக்கு. மற்ற ஐந்தும் அப்படியே. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

சேர் மேசைக்குப் போய் உறையிலிருந்து என் தாளை உருவினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் கீழே கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டு போகப் போக அவர் முகம் மாறியது.

"இவருக்குத் தெற்கு எண்டால் உமக்கு வடக்கு. இவருக்குக் கிழக்கு எண்டால் உமக்கு மேற்கு. ஒண்டாவது ஒத்து வரேல்லை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர் இவருக்கு விடை காட்டியிருந்தால் இவர் தப்பியிருக்க மாட்டார்."

பியோன் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. அவருக்கு என் தாளில் என்ன இருக்கிறதென்று விளங்கிவிட்டது.

"வெற்றுத்தாளில என்ன செய்தனீர்?" என்று சேர் கேட்டார். "அதைத் தாரும்."

என் கை சட்டைப் பைக்குப் போனது. அதை எடுத்துக் கொடுத்தால், சேர் எனக்கு அதெல்லாம் தெரியும், பதற்றத்தில் மாற்றிவிட்டேன் என்று அழுது கேட்கலாம். இரங்குவாரோ என்னவோ. ஆனால் அதில் இருக்கிற ஆறும் காக்காவின் விடைகளோடு ஒத்திருக்கும். ஒத்திருந்தால் நான் கை காட்டியது விடைதான் என்று ஆகிவிடும். காக்காவும் முடிந்தார், நானும் முடிந்தேன். கையைப் பையின் மேலேயே வைத்துக்கொண்டேன்.

"செய்து பாக்கேல்லை சேர். மனசுக்குள்ள செய்தனான்."

"அதுதான் தெரியுது," என்றார்.

சிவப்பு மைத் துண்டைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். இரண்டு தாளையும் மற்றதோடு சேர்த்து உறைக்குள் வைத்து அரக்கு ஒட்டினார். காக்காவின் தாளில் கடைசி நாலு கேள்வியும் வெறுமையாகத்தான் போயின.

வெளியே டீச்சர், "என்ன சொன்னவர்?" என்று ஓடி வந்தாள்.

"காக்காவின்ர தாளை ஏத்துக்கொண்டார்," என்றேன்.

"உங்களுக்கு?"

"என்ர தாளும் போகுது."

அவள் சந்தோசப்பட்டாள். நான் அவளைத் திருத்தவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பொழுது பட்டுவிட்டதால் நிழல் எந்தப் பக்கமும் இருக்கவில்லை.

முடிவு ஐப்பசி கடைசியில் கேற்றடியில் ஒட்டப்பட்டது. அதற்கு முதல் கிழமை எனக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது. டவுன் பெடியன் முதலாவது. காக்கா இரண்டாவது. எனக்கு அவரைவிட மூன்று புள்ளி குறைவு. நிழல் கேள்வி ஆறுக்கும் ஆறு புள்ளி. அந்தக் கணக்கை நான் கேற்றடியிலேயே செய்துவிட்டேன். கணக்கு எனக்கு வரும்.

வீட்டில் சொன்னபோது மனைவி சோற்றுப் பானையைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நாளைக்குக் கப்பல் இருக்காமோ?" என்று கேட்டாள்.

தை பிறந்தபின் காக்கா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பலகையும் பென்சிலுமாகக் கிடங்கு வாயில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் விஞ்சுக்காரரைப் பார்த்துக் கை காட்டினேன். அவர் வத்தைக்கு இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறித்தார். முதல் நாள் எண்ணிக்கை பிழையாகிவிட்டது. என்னைப் பார்த்தார். விரல்களால் நாற்பது என்று காட்டினேன். குறித்துக்கொண்டார். விஞ்சுக்காரர் மேலே இருந்து, "இப்பவும் கொப்பி அடிக்கிறார் பாருங்கோ," என்று கத்தினார். மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"தம்பி, அண்டைக்கு நீ உள்ளுக்கு வந்து சொல்லாட்டி எனக்கு ஒண்டுமில்ல," என்று ஒருநாள் சொன்னார். "ஆனா ஒண்டு வெளங்கல்ல. கரையில எல்லாம் சரியாச் சொன்ன நீ, அங்க எப்படி ஆறையும் விட்டாய்?"

"பயத்தில," என்றேன். அது பொய் இல்லை.

வெற்றுத்தாளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேலையில் நிம்மதியாக நிற்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். தாள் இன்னும் அலுமாரியில், பிறப்புச் சான்றிதழோடு ஒன்றாக இருக்கிறது. பன்னிரண்டு முதல் பதினேழு வரை, பென்சில் எழுத்து, ஆறும் சரி.

இரண்டு வருடத்தில் அன்றாடக் கூலிகளைக் கூப்பிடுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. பிறகு நான் செய்த வேலைகளுக்குப் பேர் இல்லை. காசு கையில் சேர்ந்த ஒரு நாள், காக்காவின் வீட்டுக்குப் போவதற்காகக் கிண்ணியாப் பாதையடி வரைக்கும் போனேன். அக்கரைக்குப் போகிற பாதை என்ற மிதவைப் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. நிரந்தரமானதும் தா என்றல்லவோ சொன்னார். இப்போது கொண்டுபோய் நீட்டினால் அதை நினைவுபடுத்துகிற மாதிரி இருக்கும். வாங்கவும் மாட்டார், வாங்காமல் இருக்கவும் அவரால் ஏலாது. பாதை போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. நான் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தக் காசில் அரிசி வாங்கினேன்.

இருபது ரூபாயில் எட்டுக் கொடுத்தேன். மிச்சம் பன்னிரண்டு ரூபாய்.